தவணை வரும்வரை மரியாதை

கஸ்தூரியின் பட்டறையில் பலகை அறுக்கும் மெஷின் சத்தம் கேட்டால் இரண்டு காரணம் இருக்கலாம். ஒன்று, பலகை அறுக்கிறார்கள். இன்னொன்று, பலகையே இல்லாமல் மெஷின் வெறுமனே ஓடுகிறது. பக்கத்தில் கஸ்தூரி இடுப்பில் கை வைத்து நின்று யாரையோ வாயாரத் திட்டிக்கொண்டிருக்கிறாள். திட்டப்படுகிறவர் அங்கே இருக்கமாட்டார். மெஷின் சத்தத்தில் ஒரு வார்த்தையும் வெளியே கேட்காது. முடிந்ததும் சுவிட்சை அணைத்துவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "வேலையைப் பாருங்கப்பா" என்று போய்விடுவாள்.

"அக்கா மெஷின் போட்டுச்சுன்னா எவனோ துட்டு தரலன்னு அர்த்தம்" என்பார் மேஸ்திரி வீராசாமி. திருமுல்லைவாயிலில் அந்தப் பட்டறை தொடங்கிய நாளிலிருந்து அவளிடம் வேலை பார்க்கிறவர். மரத்தைவிட அவளை நன்றாகப் படித்தவர்.

அந்த வாய் சும்மா வந்ததில்லை. அது உழைத்துச் சம்பாதித்த வாய். கல்யாணத்துக்கு முன்னும் பின்னுமாகப் பத்து வருஷத்துக்கு மேல் பாடியில் ஒரு பிளைவுட் கடையில் கஸ்தூரி கணக்கு எழுதினாள். எழுதியது கொஞ்சம், வசூலித்தது அதிகம். கடனுக்குப் பலகை எடுத்துப் போய் போனை எடுக்காமல் இருக்கிறவர்களை மடக்குவதுதான் அவளுடைய நிஜமான உத்தியோகம். "அண்ணாத்தே, பலகை எடுக்க வரும்போது ரெண்டு கால் இருந்துச்சே, துட்டு குடுக்க வர்றதுக்கு ஒண்ணுகூட இல்லியா?" என்று அவள் ஆரம்பித்தாள் என்றால், எதிர்முனையில் இருப்பவர் அன்றைக்கே ஆட்டோ பிடித்துக் கடைக்கு வந்துவிடுவார். முதலாளி அவளுக்கு தீபாவளிக்கு இரட்டை போனஸ் கொடுத்தார். பலகையின் தரமும், மனிதரின் தரமும் அவளுக்கு அங்கேதான் பழகின.

அப்புறம் சொந்தமாகச் சமையலறை அலமாரி வேலை எடுக்க ஆரம்பித்தாள். வேலை சுத்தம். கைராசிக்காரி என்று பெயர். ஆனால் கடையில் சோறு போட்ட வாய், தொழிலில் குழி பறித்தது. பூந்தமல்லியில் ஒரு வீட்டுக்காரர் பணத்தை இழுத்தடித்தார். கஸ்தூரி போனில் அவருடைய பரம்பரையையே விசாரித்துவிட்டாள். அந்த ஆள் சத்தமில்லாமல் அதைப் பதிவு செய்து தன் அடுக்குமாடி வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார். அந்த ஆடியோ பூந்தமல்லியில் கிளம்பி ஆவடிவரை நடந்தது. கேட்டவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிரித்து முடித்துவிட்டு வேறு ஆளிடம் வேலையைக் கொடுத்தார்கள். யார் பணம் தரவில்லை என்பதை ஒருவரும் கேட்கவில்லை. கஸ்தூரி எப்படிப் பேசினாள் என்பதைத்தான் எல்லோரும் பேசினார்கள். பணமும் வரவில்லை.

அநியாயம்தான். ஆனால் அவள் புத்திசாலி. 'வாயைக் கட்டிப்போட்டால்தான் பட்டறை நிற்கும்' என்று முடிவெடுத்தாள். அன்றிலிருந்துதான் திட்டு எல்லாம் மெஷினுக்கு.

கட்டிப்போட்ட வாய் தாங்குமா என்று சோதித்துப் பார்க்கத்தான் ஜெயராமன் வந்து சேர்ந்தார்.

ஜெயராமன் ஆவடிப் பக்கம் பெரிய தொழிற்சாலையில் ஆய்வுப் பிரிவில் இருந்து ஓய்வுபெற்றவர். சொந்த ஊர் கோவில்பட்டி. வேலைக்காலம் முழுக்கக் குவார்ட்டர்ஸில் இருந்துவிட்டு, ஓய்வுக்குப் பின் அதைக் காலி செய்து, கோவில்பதாகையில் புதிதாகக் கட்டிய அடுக்குமாடியில் மனைவி ஞானம்மாளோடு குடியேறியிருந்தார். புதுக் கட்டடம். நிறைய வீடுகளில் சமையலறை இன்னும் மொட்டையாகவே இருந்தது. அங்கே முதல் வேலையாக ஜெயராமன் வீட்டுச் சமையலறை கஸ்தூரிக்குக் கிடைத்தது. இந்த ஒன்று நன்றாக அமைந்தால் மற்ற வீடுகளும் வரும். ஜெயராமன்தான் குடியிருப்போர் சங்கச் செயலாளர் வேறு. இங்கேயும் ஒரு ஆடியோ கிளம்பினால் பட்டறையைப் பூட்டிவிட்டு மறுபடி யாருக்காவது கணக்கு எழுதப் போகவேண்டியதுதான்.

ஒப்பந்தம் எளிமையானது. பாதிப் பணம் முன்பணம். அலமாரிப் பெட்டிகளைச் சுவரில் பொருத்தியதும் நாற்பது சதவீதம், அதுதான் இரண்டாம் தவணை. கதவு மாட்டி, துடைத்து, ஒப்படைக்கும்போது மீதிப் பத்து. ஜெயராமன் ஒவ்வொரு வரியையும் கண்ணாடியைக் கழற்றியும் மாட்டியும் படித்து, ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டார்.

பெட்டிகள் பொருத்தி முடிந்தன. ஜெயராமன் ரசமட்டம் வைத்துச் சாய்வு பார்த்தார். சட்டைப்பையிலிருந்து வெர்னியர் அளவுகோலை எடுத்துப் பலகையின் கனத்தை அளந்தார். திருப்தியாகத் தலையாட்டினார். "குட்" என்றார். பணம் மட்டும் தரவில்லை.

"முழுசா முடிச்சிட்டு மொத்தமா வாங்கிக்கம்மா. எங்க ஓடிப் போகப் போறேன்?"

"ஒப்பந்தத்துல இப்ப இரண்டாம் தவணைன்னு இருக்கு சார்."

"இருக்கு இருக்கு. பாப்போம்."

கஸ்தூரி அன்றைக்குப் பட்டறைக்குத் திரும்பியதும் மெஷின் ஓடியது.

சிக்கல் என்னவென்றால், கதவுகளுக்கு வாங்கிய பலகையும் மைக்காவும் பாடிக் கடையில் கடன். அவள் முன்பு உட்கார்ந்திருந்த அதே நாற்காலியில் இப்போது வேறொரு பெண். அந்தப் பெண் போன் செய்தாள். "அக்கா, பலகை எடுக்க வரும்போது ரெண்டு கால் இருந்துச்சே..." கஸ்தூரிக்குத் தூக்கிவாரிப் போட்டது. தான் சொல்லிக்கொடுத்துவிட்டு வந்த வசனம், ஒரு எழுத்து மாறாமல் தன் காதிலேயே வந்து விழுகிறது! கோபப்படவும் முடியவில்லை, ராயல்டி கேட்கவும் முடியவில்லை. "இந்த வாரம் தந்துடுறேம்மா" என்று சொல்லிவிட்டு வைத்தாள். இந்த இரண்டாம் தவணைதான் அந்தக் கடனுக்கும் ஆட்களின் கூலிக்கும் இருந்த ஒரே வழி.

முதல் நினைவூட்டல் போனது. பதில் இல்லை. இரண்டாவது போனது. கட்டைவிரலை உயர்த்திய படம் ஒன்று பதிலாக வந்தது. கஸ்தூரி அந்தக் கட்டைவிரலை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சௌம்யாவைக் கூப்பிட்டாள்.

சௌம்யா பட்டறையில் கம்ப்யூட்டரில் அலமாரி வரைபடம் போடுகிறவள். அதோடு, அக்கா சொல்வதை நாலு பேர் படிக்கும்படி எழுதித் தருகிற வேலையும் அவளுக்கு.

"எழுதிக்க. யோவ் பேமானி..."

"மதிப்பிற்குரிய ஜெயராமன் சார், வணக்கம்" என்று சொல்லிக்கொண்டே தட்டினாள் சௌம்யா.

"உன் ஊட்டு வேலைக்கு நான் கடன் வாங்கி பலகை எடுத்துக்கினு வந்தா, நீ கட்டைவிரலு காட்டுறியா?"

"ஒப்பந்தப்படி பெட்டிகள் பொருத்தியதும் தரவேண்டிய இரண்டாம் தவணை இதுவரை எங்களுக்கு வந்து சேரவில்லை."

"திங்கக்கெழம வரைக்கும் பாப்பேன். அப்பால ஒரு ஆணிகூட அடிக்கமாட்டேன், ஆமா!"

"வரும் திங்கட்கிழமைக்குள் தவணை வராத பட்சத்தில், அன்று முதல் வேலையைத் தற்காலிகமாக நிறுத்திவைக்கிறோம். தவணை எங்கள் கணக்கில் ஏறிய அடுத்த வேலைநாளே ஆட்கள் வருவார்கள். நிற்கும் நாட்களுக்கு ஏற்ப முடிக்கும் தேதி தள்ளிப்போகும்."

கஸ்தூரி எட்டிப் பார்த்தாள். "கதவு எல்லாம் ரெடியா கீதுன்னு போடு. இல்லன்னா நம்மளால முடியல, அதான் நிறுத்திட்டோம்னு கதை கட்டுவாரு."

"கதவுகள் எங்கள் பட்டறையில் தயாராக உள்ளன. தாங்கள் எந்த வேலைநாளிலும் நேரில் வந்து பார்க்கலாம். நன்றி, கஸ்தூரி." சௌம்யா நிமிர்ந்தாள். "போதுமாக்கா?"

"நான் சொன்னதுதான் இது?"

"அதேதான்க்கா. துணி மாத்தி வுட்டுருக்கேன்."

கஸ்தூரி அதை இரண்டு முறை படித்தாள். ஒரு கெட்ட வார்த்தைகூட இல்லை. ஆனால் படித்தால் எங்கேயோ சுள்ளென்று இருந்தது. அவளுக்கே கொஞ்சம் பிடித்துப்போயிற்று.

திங்கட்கிழமை வந்தது, தவணை வரவில்லை. கஸ்தூரி வீராசாமியோடு கோவில்பதாகைக்குப் போனாள். கதவைத் திறந்த ஜெயராமனின் முகத்தில் ஒரு களை. மேடையேறப் போகிற பாடகரின் களை. போனை மேசைமேல் தயாராக வைத்திருந்தார். பூந்தமல்லி ஆடியோவை அவரும் கேட்டிருக்கிறார் என்பது கஸ்தூரிக்கு அந்தக் கணமே புரிந்துவிட்டது.

அவள் கத்தவில்லை. வீராசாமி தன் கருவிகளை எண்ணிப் பையில் போட்டார். வெளியே நீட்டிக்கொண்டிருந்த கம்பி முனைகளுக்கு டேப் சுற்றினார். அடுப்புக்குப் போகிற குழாயையும் தொட்டித் தண்ணீரையும் சரிபார்த்து, சமைக்கத் தடையில்லை என்று ஞானம்மாளிடம் காட்டினார். கஸ்தூரி மரத்தூளைப் பெருக்கி அள்ளினாள். வேலைக்காக வாங்கியிருந்த சாவியை இரண்டு கையாலும் நீட்டினாள்.

"சார், இன்னியிலேர்ந்து வேலை நிறுத்திவைக்கிறோம். மெசேஜ்ல சொன்னபடிதான். இதுவரைக்கும் ஒத்துழைச்சதுக்கு நன்றி."

ஜெயராமன் போனைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "அவ்வளவுதானா?"

"அவ்ளோதான் சார். அம்மா, குடிக்கக் கொஞ்சம் தண்ணி குடுங்க."

தண்ணீர் குடித்துவிட்டுப் படியிறங்கினார்கள். வண்டியில் ஏறியதும் வீராசாமி மெதுவாகக் கேட்டார்: "அக்கா, உடம்பு கிடம்பு சரியில்லியா?"

மறுநாளிலிருந்து ஜெயராமனின் தாக்குதல் தொடங்கியது. காலைக் காபிக்குப் பிறகு ஒன்று, மாலை நடைக்குப் பிறகு ஒன்று எனச் செய்திகள் வந்தன. 'மேல்வரிசை மூன்றாவது பெட்டியின் ஓரத்தில் நூலளவு கீறல். இதுதான் உங்கள் தரமா?' கஸ்தூரி மெஷினைப் போட்டுவிட்டு வந்து, சௌம்யாவிடம் பதில் எழுதச் சொன்னாள்: 'குறித்துக்கொண்டோம் சார், நன்றி. தவணை வந்து வேலை தொடங்கும் முதல் நாளே சரிசெய்துவிடுகிறோம்.' அடுத்தது: 'வேலையைப் பாதியில் விட்டுப் போவது நேர்மையா?' பதில்: 'தங்கள் சிரமம் புரிகிறது சார். தவணை வந்த அடுத்த வேலைநாளே ஆட்கள் வருவார்கள்.' அதற்கடுத்தது: 'உங்களைவிடக் குறைந்த விலைக்கு அம்பத்தூரில் ஆள் இருக்கிறார்.' பதில்: 'மகிழ்ச்சி சார். அப்படி முடிவெடுத்தால், இதுவரை முடிந்த வேலைக்கான கணக்கைத் தீர்த்து, ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ளலாம். தங்கள் விருப்பம்.'

கடைசி பதிலைப் படித்த ஜெயராமன் அன்று மாலை நடைக்கே போகவில்லையாம். இதைச் சொன்னது ஞானம்மாள்.

ஞானம்மாள் ஒரு மத்தியானம் கஸ்தூரிக்குப் போன் செய்தாள். கணவர் தூங்குகிற நேரம் பார்த்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினாள்.

"நல்லாயிருக்கியாம்மா? ஒண்ணு சொல்லணும். நீ அவரைத் திட்டிராத."

"நான் ஏன்மா திட்டப்போறேன்?"

"அவரு அதுக்குத்தாம்மா காத்துக்கிட்டு இருக்காரு. பெயிண்டருக்கும் இப்படித்தான் பண்ணாரு. அந்தத் தம்பி பொறுக்க முடியாம ரெண்டு வார்த்தை விட்டுட்டான். அப்புறம் பணப் பேச்சே இல்ல. 'எப்படி மரியாதையில்லாமப் பேசலாம்'ங்கிற பேச்சுத்தான். அவனே கடைசியில மன்னிப்புக் கேட்டுட்டு, குறைச்சுக்கிட்டுப் போனான்."

கஸ்தூரிக்குப் பூந்தமல்லி நினைவுக்கு வந்தது. இத்தனை நாளாக அவளைக் குடைந்துகொண்டிருந்த விஷயம் இப்போதுதான் விளங்கியது. அன்றைக்குத் தான் கத்தியது அந்த ஆளுக்கு எவ்வளவு பெரிய தள்ளுபடி! தன் வாயாலேயே தன் பில்லைக் கிழித்திருக்கிறாள்.

"இன்னொண்ணும்மா" என்றாள் ஞானம்மாள். இப்போது அவள் குரலில் சிரிப்பு எட்டிப் பார்த்தது. "கதவு மாட்ட அவசரமே இல்ல. நிதானமா வா."

"இன்னாமா சொல்றீங்க?"

"அவருக்குச் சர்க்கரை. டாக்டர் இனிப்பைக் கண்ணால பாக்கக் கூடாதுன்னுட்டாரு. குவார்ட்டர்ஸ்ல இருந்தவரைக்கும் எங்க ஒளிச்சு வைப்பாருன்னு எனக்குத் தெரியவே தெரியாது. இப்ப கதவே இல்லியா, எல்லாம் திறந்து கெடக்கு. முந்தாநாள் மிக்ஸிக்குப் பின்னால கடலைமிட்டாய். நேத்து பெரிய பானைக்குள்ள கருப்பட்டி மிட்டாய். இன்னைக்கு குக்கரைத் திறந்தா, ஒரு பொட்டலம் சீனிச் சேவு! மனுசன் மூலைக்கு மூலை மாத்திப் பாக்காரு, எதுவும் ஒளிய மாட்டேங்குது. சர்க்கரை அளவு இறங்கியிருக்கும்மா, உன் புண்ணியத்துல."

கஸ்தூரி போனை வைத்துவிட்டு மரத்தூள் மேலேயே உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். விஷயத்தைக் கேட்ட வீராசாமிக்குக் கை பரபரத்தது. "அக்கா, இத அப்டியே மெசேஜ்ல போட்டு வுடு. 'துட்டு குடு, இல்லன்னா மிட்டாய் மேட்டர டாக்டருக்கு சொல்லிடுவேன்'னு. நாளிக்கே துட்டு வரும்."

ஆசையாகத்தான் இருந்தது. பழைய கஸ்தூரியாக இருந்தால் இதை வைத்துக் கச்சேரியே நடத்தியிருப்பாள்.

"வேணாம் மேஸ்திரி. நமக்கும் அவருக்கும் தவணையைப் பத்தி மட்டும்தான் பேச்சு. மிட்டாய் அவர் சொந்த விஷயம்." சொல்லிவிட்டு, தன் வாயிலிருந்தா இது வந்தது என்று தானே ஒரு முறை உதட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

ஆனால் சனிக்கிழமைக் கூலி காத்திருக்காதே. கையிலிருந்த வளையலை அடகு வைத்துக் கொடுத்தாள். வளையல் இல்லாத கை மொழுக்கென்று இருந்தது. பார்க்கப் பார்க்க ஆத்திரம் வந்தது. அன்று மெஷின் ரொம்ப நேரம் ஓடியது. பக்கத்து லேத் பட்டறைக்காரர், மின்கட்டணம் என்ன ஆகும் என்று அக்கறையாக விசாரித்துவிட்டுப் போனார்.

அடுத்த வாரம் ஜெயராமனே பட்டறைக்கு வந்தார். தேய்த்த சட்டை, பையில் பேனா, வெர்னியர். செய்தியில் 'எந்த வேலைநாளிலும் வந்து பார்க்கலாம்' என்று இருந்ததல்லவா? கதவுகள் தயார் என்பது பொய்யாக இருக்கும் என்ற நம்பிக்கையோடு வந்திருந்தார்.

"வாங்க சார், உக்காருங்க. டீ சொல்லட்டுமா? சர்க்கரை போட்டா, போடாமயா?"

அவர் ஒரு கணம் அவளைக் கூர்ந்து பார்த்தார். அவள் முகத்தில் ஒன்றும் இல்லை.

"போடாம" என்றார் வேண்டாவெறுப்பாக.

கதவுகள் சுவரோரம் துணி போர்த்தி நின்றன. ஒவ்வொன்றின் பின்னாலும் எந்தப் பெட்டிக்கு என்று எழுதியிருந்தது. ஜெயராமன் ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். ஓரம் தடவினார். கீல் வைக்கத் துளைத்த குழிகளை அளந்தார். எல்லாம் சரியாக இருந்தது அவருக்கு ரொம்ப வருத்தமாக இருந்தது. கடைசியில் ஒரு கதவில் மட்டும் ஓரப்பட்டை லேசாகத் தூக்கியிருந்தது.

"இது என்ன?" முகம் மலர்ந்துவிட்டது.

"சரியா கண்டுபுடிச்சீங்க சார். மேஸ்திரி, இத மாத்தி ஒட்டுங்க. நன்றி சார்."

மலர்ந்த முகம் வாடியது. எதிராளி பந்தைத் திருப்பி அடிக்காமல் கையில் பிடித்துத் துடைத்துக் கொடுத்தால் எப்படி விளையாடுவது? அவர் கடைசி ஆயுதத்தை எடுத்தார்.

"நல்லாப் பேசறியேம்மா. யாரோ எழுதிக் குடுக்கறத ஒப்பிக்கிறியோ? உன் நெஜமான பேச்சத்தான் ஊரே கேட்டிருக்கே. எங்க குரூப்லகூட வந்துச்சு. நானே அஞ்சாறு பேருக்கு அனுப்பினேன்."

சௌம்யா விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தாள். வீராசாமி பசை டப்பாவை மூடினார். கஸ்தூரியின் காது மடல் சிவந்தது. கஸ்மாலம், பொறம்போக்கு, சாவுகிராக்கி எல்லாம் நாக்கில் வரிசையில் நின்று தள்ளின. வெறுங்கை மணிக்கட்டை மற்றொரு கையால் இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"ஒரு நிமிஷம் சார்" என்றாள்.

நேராக மெஷினுக்குப் போனாள். சுவிட்சைப் போட்டாள். ரம்பம் சுழன்று ஊளையிட ஆரம்பித்தது. சுவரைப் பார்த்து நின்று அவள் பேசினாள். கை ஆடியது, கழுத்து நரம்பு புடைத்தது, ஒரு கட்டத்தில் சுவரை நோக்கி விரலை நீட்டி ஏதோ கேள்வியும் கேட்டாள். ஜெயராமன் காதைக் கொடுத்துப் பார்த்தார். ஒரு எழுத்தும் கேட்கவில்லை. கை தானாகச் சட்டைப்பையிலிருந்த போனைத் தேடி, அப்படியே நின்றுவிட்டது. எதைப் பதிவு செய்வது? ரம்பத்தையா?

மெஷின் நின்றது. கஸ்தூரி முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள். "சொல்லுங்க சார்."

"இப்ப என்னம்மா சொன்ன அங்க?"

"மெஷின் டெஸ்ட் பண்ணேன் சார். நல்லா ஓடுது."

சௌம்யா மேசைக்கு அடியில் எதையோ தேடுவதுபோல் குனிந்துகொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது. ஜெயராமன் மெஷினையும் கஸ்தூரியையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, எதிர்பாராத விதமாக, அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை.

"தோத்துட்டேம்மா" என்று சட்டைப்பையிலிருந்து மடித்த காசோலையை எடுத்தார். முழுத் தவணைக்கும் எழுதியிருந்தது. தேதி, பெட்டிகள் பொருத்தி முடித்த அன்றைய தேதி.

"அன்னைக்கே எழுதிட்டேன். குடுக்க மனசு வரல. குவார்ட்டர்ஸ்ல ஒரு பீரோக்காரன் ரெண்டாம் தவணைய வாங்கிக்கிட்டுப் போனவன், இன்னும் வந்துக்கிட்டே இருக்கான். அன்னையிலேருந்து வேலை முடியுமுன்ன யாரு பணம் கேட்டாலும் எனக்குப் பயம். கத்துனா, 'பாத்தியா, இவனும் அதே ஆளுதான்'னு மனசுக்குச் சமாதானம் சொல்லிக்கலாம். நீ கத்தவே மாட்டேங்கிற."

இத்தனை நாள் மெஷினுக்குச் சொன்ன வார்த்தைகளில் பாதியாவது இந்த மனுஷனுக்குப் பொருந்தாது என்று கஸ்தூரிக்குத் தோன்றியது. மீதிப் பாதி நன்றாகவே பொருந்தும். அந்த அஞ்சாறு பேருக்கு அனுப்பினாரே!

வீராசாமி அதற்குள் உற்சாகமாக இரண்டு கதவுகளைத் தூக்கி வண்டிப் பக்கம் நடந்துவிட்டார்.

"மேஸ்திரி, வெய்யுங்க கீழ" என்றாள் கஸ்தூரி.

"அதான் செக்கு குடுத்துட்டாரேக்கா!"

"செக்கு வந்துச்சு, பணம் வரல. சார், கோச்சுக்காதீங்க. இன்னிக்கே பேங்க்ல போட்டுடறேன். கணக்குல ஏறின மறுநாள் ஆளுங்க வருவாங்க. மெசேஜ்ல அப்படித்தான் எழுதியிருக்கேன்."

ஜெயராமனுக்கு முகம் சிவந்தது. வாயைத் திறந்தார். இம்முறை கத்தப்போவது அவர்தான் என்று எல்லோருக்கும் தெரிந்தது. கஸ்தூரி மெதுவாக, மிகுந்த பணிவோடு, மெஷின் பக்கம் கையைக் காட்டினாள்.

"வேணும்னா நீங்களும் ஒரு தபா டெஸ்ட் பண்ணிக்கோங்க சார்."

அவர் வாயை மூடிக்கொண்டார். தான் வேலை பார்த்த காலமெல்லாம் 'கைக்கு வந்து அளந்தால்தான் வந்த சரக்கு' என்று சப்ளையர்களை விரட்டியவர் அல்லவா? தலையை ஆட்டினார். "கரெக்ட். கரெக்ட்தான்" என்று முனகிவிட்டு எழுந்தார். வாசல்வரை போனவர் திரும்பி வந்து குரலைத் தாழ்த்தினார்.

"அந்த மூலை அலமாரிக்கு மட்டும் ஒரு பூட்டு வைக்க முடியுமா?"

"முடியும் சார். கூடுதல் வேலை. அதுக்குத் தனியா முன்பணம்."

பூட்டுக்கான முன்பணம் மட்டும் அங்கேயே போனில் வந்துவிட்டது. இழுத்தடிப்பு இல்லை.

காசோலை பாஸானது. முதலில் பாடிக் கடைக்குப் பணம் போனது. பிறகு வளையல் வீடு திரும்பியது. மறுநாள் காலை, சொன்னபடி, ஆட்கள் கோவில்பதாகையில் இருந்தார்கள். நூலளவு கீறலை வீராசாமி முதல் வேலையாகச் சரிசெய்தார். கதவுகள் ஒவ்வொன்றாக ஏற ஏற ஜெயராமன் பின்னாலேயே நடந்து திறந்து மூடிப் பார்த்தார். ஞானம்மாள் மட்டும் கவலையோடு பார்த்துக்கொண்டிருந்தாள். கஸ்தூரியைத் தனியே இழுத்து, "அந்த மூலையில பூட்டாம்மா? நான் என்ன செய்வேன்?" என்று கேட்டாள்.

"வீடு யார் பேர்லமா?"

"ரெண்டு பேரு பேர்லயும்."

"அப்ப சாவியும் ரெண்டு பேருக்கும். ஒப்படைக்கும்போது உரிமையாளருங்க எல்லார் கையிலயும் சாவி குடுத்துடணும், அதான் எங்க முறை." இரண்டாவது சாவி ஞானம்மாளின் உள்ளங்கைக்குள் போனது. மீதிப் பத்து சதவீதம் அன்று மாலையே வந்து சேர்ந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூட்டம் கீழ்த்தளத்தில் நடந்தது. சமையலறை வேலைக்கு யாரைக் கூப்பிடலாம் என்று பேச்சு வந்தபோது கஸ்தூரியையும் அழைத்திருந்தார்கள். இரண்டாம் மாடி தீபிகா, ஐ.டி. வேலைக்குப் போகிற பெண், ஜெயராமன் வீட்டு அலமாரியைப் பார்த்து மயங்கியிருந்தாள். ஆனால் தயங்கினாள்.

"சார், இவங்க பேசின ஆடியோ ஒண்ணு..."

"பழசு" என்றார் ஜெயராமன். "அது நான் அனுப்பினதுதான். எனக்கும் நாலு மெசேஜ் வந்திருக்கு. வேணும்னா படிங்க." தன் போனைக் கொடுத்தார். மதிப்பிற்குரிய, வணக்கம், குறித்துக்கொண்டோம், நன்றி. போன் கைமாறிக் கைமாறிப் போனது. கஸ்தூரி தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பூந்தமல்லிக்குப் பிறகு முதல்முறையாக நாலு பேர் நடுவே அவளுக்குத் தலை நிமிர்ந்து உட்காரத் தோன்றியது, நிமிர்ந்தும் உட்கார்ந்தாள்.

"எனக்குச் சில மாசம் சம்பளம் கொஞ்சம் தள்ளி வரும்" என்றாள் தீபிகா. "ரெண்டாம் தவணை ஒரு பத்து நாள் லேட்டானா பரவால்லியா?"

கஸ்தூரி வாயைத் திறப்பதற்குள் ஜெயராமன் பதறிக் கையை உயர்த்தினார்.

"அந்தத் தப்ப மட்டும் பண்ணாதம்மா! அவங்க மரியாதையாப் பேச ஆரம்பிச்சிருவாங்க. தாங்க முடியாது."